இளைத்த முகமும் கல்யாண வீட்டு விசாரிப்பும்

போன தை மாதம் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காருவதற்குள் ஆறு பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். "என்ன சார், உடம்பு சரியில்லையா? கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்கே?" ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க, மறைக்காம சொல்லுங்க" என்றார். அதே பந்தியில் என் சித்தப்பா மகளும் இருந்தாள். அறுபத்தாறு வயது. அவளும் இளைத்திருந்தாள். அவளிடம் எல்லோரும், "அடேயப்பா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே, என்ன சாப்பிடறே?" என்று கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள்.

விசாரிக்கப்பட்ட எனக்கு ஒரு நோயும் இல்லை. பாராட்டு வாங்கியவளுக்குத்தான் நோய். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் என் கதை. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அப்போது 81 கிலோ. இரவுச் சோற்றை நிறுத்தினேன், மாலையில் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒன்பது மாதத்தில் 70 கிலோ. வயிறு குறைந்தது, முட்டிவலி குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. முகத்தைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒருநாள் சவரம் செய்யும்போது பிளேடு கன்னத்துக் குழியில் இறங்கவே மாட்டேன் என்றது. நாக்கால் உள்ளேயிருந்து கன்னத்தை முட்டிக்கொடுத்துச் சிரைக்க வேண்டியிருந்தது. என் தாத்தா அப்படிச் சிரைத்துப் பார்த்திருக்கிறேன்.

பாரீசில் இருக்கும் என் உறவுக்காரப் பையன் டாக்டர். லீவில் வந்தபோது அவனிடம் கேட்டேன். முகத்தில் கொழுப்பு ஒரே படலமாக இல்லையாம். சின்னச் சின்னப் பைகளாக, தோலுக்கு அடியில் சில, இன்னும் ஆழத்தில் சில என்று அடுக்கியிருக்கிறதாம். நடுநடுவே நார்கள் தோலை எலும்போடு பிடித்துக் கட்டியிருக்கின்றன. மெத்தையில் பஞ்சு குறைந்தால் தையல் போட்ட இடம் அப்படியே நிற்க, மற்ற இடம் தொய்ந்து போவதில்லையா, அதேதான். மூக்கிலிருந்து வாயோரம் வரும் கோடு ஆழமாகிறது. தாடையோரத்தில் ஒரு சின்னத் தொங்கல் வருகிறது. கன்னத்தின் உள்ளே, மெல்லும் தசைகளுக்கு இடையில் தனியாக ஒரு கொழுப்பு உருண்டை உண்டு. அதற்குப் பிஷா என்ற பிரெஞ்சுக்காரர் பெயர். அந்தப் பெயரில் பாரீசில் ஆஸ்பத்திரியே இருக்கிறது. அது சாதாரணமாக இளைத்தால் அவ்வளவு சீக்கிரம் கரையாதாம். என் கன்னம் ஒட்டியது மற்றப் பைகள் சுருங்கியதால்.

இருபது வயதில் இளைத்தால் தோல் தானே இழுத்துக்கொள்ளும். எழுபதில் அந்த இழுவை இல்லை, பழைய எலாஸ்டிக் மாதிரி. ஆகவே இரட்டைத் தாடை போன இடத்தில் கழுத்துத் தோல் இரண்டு கயிறாகத் தொங்குகிறது. கன்னத்தை உப்பி உப்பிப் பயிற்சி செய்தால் சரியாகும் என்று நண்பர் ஒருவர் செய்து காட்டினார். போன கொழுப்பு அதனால் திரும்பாது. பிரெஞ்சுக்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்கள்: வயதானபின் முகமா, பின்புறமா, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று. நான் முட்டியைத் தேர்ந்தெடுத்தேன். என் அபிப்பிராயத்தில், டாக்டர் சொல்லி, திட்டமிட்டுக் குறைத்த எடைக்குக் கன்னத்தை விலையாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை. அதை நிரப்ப ஊசி போட்டுக்கொள்ள ஓட வேண்டியதும் இல்லை.

ஆனால் தாடை விஷயம் வேறு, அதில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். கீழே கடைவாய்ப் பற்களை எடுத்துப் பல வருஷம் ஆகிறது, பல்செட் போட்டிருக்கிறேன். பல் போன இடத்தில் அதைத் தாங்கிய எலும்பு மெல்லக் கரையும். முதல் வருஷம் அதிகம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. மேல் தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். இளைத்தபின் பல்செட் இன்னும் லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. ஈறு புண்ணானது. மெல்ல முடியாமல் இட்லி, கஞ்சி, ரசஞ்சாதம் என்று இறங்கினேன். இரண்டு இட்லியில் புரதம் நாலைந்து கிராம்தான். என் எடைக்கு ஒரு நாளைக்கு 70 கிராமாவது வேண்டும் என்றான் பையன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு, அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். புரதம் குறைந்தால் தசை போகும். மெல்லும் வேலை இல்லாவிட்டால் மெல்லும் தசையும் மெலியும். முகம் இன்னும் ஒடுங்கும்.

அவன் என் நெற்றிப்பொட்டில் விரலை வைத்து, "பல்லைக் கடிங்க மாமா" என்றான். கண்ணோரத்துக்கும் காதுக்கும் நடுவே, மெல்லும்போது அசையும் இடம். அங்கே லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. கன்னம் ஒட்டுவது கொழுப்பு போனதற்கு அடையாளம். நெற்றிப்பொட்டில் நன்றாகக் குழி விழுந்தால் தசையும் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள மேட்டையும் அமுக்கிப் பார்த்தான். அதுவும் தட்டையாகியிருந்தால் சந்தேகம் பலப்படும். என்னுடையது தப்பித்தது. மறுநாளே பல் டாக்டரிடம் போனேன். பல்செட்டின் உள்பக்கத்தை ஈறுக்கு ஏற்றபடி நிரப்பிக் கொடுத்தார். இப்போது மதியம் மீன், காலையில் முட்டை, மாலையில் நன்றாக வெந்த சுண்டல். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைத் தினம் இருபது தடவை செய்கிறேன். கன்னம் அப்படியேதான் இருக்கிறது. மேற்கொண்டு எடை இறங்கவில்லை.

அன்று பையன் வீட்டில் இருந்தபோது சித்தப்பா மகளும் வந்திருந்தாள். அவன் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க வேணும்னு இளைச்சீங்களா அத்தே?" இல்லை. சாப்பாடு வழக்கம்போலத்தான், ஆனால் 62 கிலோ ஆறு மாதத்தில் 57 ஆகிவிட்டது. 62-க்கு நூற்றுக்கு ஐந்து என்றால் மூன்று கிலோ சொச்சம். வயதானவர்களுக்குக் காரணம் தெரியாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் அந்த அளவு குறைந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். இவளுக்கு ஐந்து கிலோ. படபடப்பு வருகிறது, கை நடுங்குகிறது என்பதையெல்லாம் வயசு என்று விட்டுவிட்டிருந்தாள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது தெரிந்தது. "ஊரே அழகாயிட்டேன்னு சொல்லுதே, நான் எதுக்குடா டாக்டர்கிட்ட போவேன்?" என்றாள்.

அதுதான் எனக்குக் கோபம். நாம் கன்னத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம். ஆணுக்குக் கன்னம் ஒட்டினால் சர்க்கரை, பெண்ணுக்கு ஒட்டினால் அழகு. எவ்வளவு போயிற்று என்பதைத்தான் கன்னம் காட்டும், ஏன் போயிற்று என்பது அதற்குத் தெரியாது. கேட்பதானால் அந்தப் பையன் கேட்டதைக் கேளுங்கள்: வேண்டுமென்று குறைத்தீர்களா, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ?

அவள் இப்போது மாத்திரையில் இருக்கிறாள், எடை 60-க்கு வந்துவிட்டது. கன்னம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது. போன வாரம் ஒரு வளைகாப்பில், "என்ன, திரும்பவும் போட்டுட்டே?" என்று யாரோ வருத்தப்பட்டார்களாம்.