ஒரே வீடு, ரெண்டு குடித்தனம்: தனி மீட்டர் போட்டால் யாருக்கு லாபம்?
பெரம்பூர் வீட்டில் போட்டுப் பார்த்த கணக்கு

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. மூன்றாவது கேள்வி, "தனி மீட்டரா, சப் மீட்டரா?" சப் மீட்டர் என்று பதில் வந்தால் பாதிப் பேர் அங்கேயே முகம் சுளித்து விடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

பெரம்பூரில் ஒரு பழைய வீடு. 25 அடி முகப்பு, 60 அடி நீளம். ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் ஒருவர் கட்டியது. முன்பக்கம் அவர் குடும்பம். பின்பக்கம் ஒரு ரூம், ஹால், சமையல்கட்டு, பாத்ரூம். அதில் வேன் ஓட்டுகிற ஒருவர், மனைவி, ரெண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கு ஒரே இ.பி. மீட்டர். பின்பக்கத்துக்கு மட்டும் ஹவுஸ் ஓனர் ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கி வந்தார்.

"கவர்மெண்ட் 100 யூனிட் ப்ரீ என்கிறது. எனக்கு ஒரு யூனிட்கூட ப்ரீயா வரலையே?" இதுதான் வேன் டிரைவரின் புலம்பல். "நான் ஒரு பைசா லாபம் வைக்கல தம்பி, பில்லை வேணும்னா பாரு" என்பது பெரியவரின் பதில். வேடிக்கை என்னவென்றால், ரெண்டு பேர் சொன்னதுமே உண்மை.

9 ரூபாய் எங்கிருந்து வந்தது?

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே கணக்குப் போடுவோம். அதன் பிறகு, 2024-ல்கூட, யூனிட் ரேட் ஏறியது. ஆனால் அந்த ரேட்டில் கணக்குப் புரிவது சுலபம்.

ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் ஓடினால், முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2 ரூபாய் 25 காசு. 200-க்கு மேல் 400 வரை நாலரை ரூபாய். 400-லிருந்து 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டி ஒரு யூனிட் ஓடினாலும் அந்த 2.25 சலுகை போய்விடும். 101-லிருந்தே நாலரை ரூபாய். 500-க்கு மேல் 8, 600-க்கு மேல் 9 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும்.

பெரம்பூர் வீட்டில் முன்பக்கம் 450 யூனிட், பின்பக்கம் 350 யூனிட். ஒரே மீட்டரில் மொத்தம் 800. இலவசம் 100 போக, 300 யூனிட் நாலரை ரூபாயில் 1,350. அடுத்த 100-க்கு 600. அதற்கடுத்த 100-க்கு 800. கடைசி 200-க்கு 1,800. ஆக பில் 4,550 ரூபாய். கடைசியாக ஓடிய யூனிட்டுக்கு வாரியம் வாங்குவது 9 ரூபாய். அதைத்தான் பெரியவர் குடித்தனக்காரரிடம் வாங்கினார். வேன் டிரைவர் கொடுத்தது 350 பெருக்கல் 9, அதாவது 3,150. மீதி 1,400 பெரியவர் கையிலிருந்து.

இப்போது அதே வீட்டில் தனித்தனி மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 350 யூனிட்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 225, மீதி 150-க்கு 675. மொத்தம் 900 ரூபாய். முன்பக்கம் 450 யூனிட்: 225, 900, 300 சேர்த்து 1,425.

பெரியவருக்கு முன்பு 1,400, இப்போது 1,425. அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வேன் டிரைவருக்கு 3,150 போய் 900. அவர் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் 2,250 ரூபாய் அதிகமாகக் கட்டி வந்திருக்கிறார். அது பெரியவர் பாக்கெட்டுக்கும் போகவில்லை. ரெண்டு குடும்பத்தை ஒரு குடும்பமாகக் கணக்குப் பார்த்ததால் வாரியத்துக்குப் போன பணம்.

பலகை அடித்தால் ஆகாது

கணக்கைப் பார்த்ததும் பெரியவர் சம்மதித்து விட்டார். ஆனால் கேட்ட உடனே ரெண்டாவது மீட்டர் கிடைக்காது. ஒரே கதவு எண்ணில் ஒரு ஆளுக்கு ஒரு இணைப்பு என்பதுதான் மின்வாரிய விதி. ரெண்டாவது வேண்டும் என்றால் அந்தப் பகுதி நிரந்தரமாகப் பிரிந்து இருக்க வேண்டும். இலவச யூனிட்டை ரெண்டு தரம் வாங்க, ஒரே குடும்பம் ஒரே வீட்டில் ரெண்டு மீட்டர் வைத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் இந்த விதி. அப்படி இருப்பது தெரிந்தால் ரெண்டையும் ஒன்றாக்கி, ஒரே இணைப்பாகப் பில் போடுவார்கள்.

பெரம்பூர் வீட்டில் முன் ஹாலுக்கும் பின் ரூமுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. பெரியவர் முதலில் அதில் பிளைவுட் பலகையை ஆணி அடித்து, பீரோவை நகர்த்தி வைத்தார். பார்க்க வந்த இ.பி. ஆள் பீரோவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "சுவர் கட்டிட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டாராம். பிறகு கதவு நிலையையே எடுத்துவிட்டு, நாலரை அங்குலச் செங்கல் சுவர் வைத்துப் பூசினார்கள். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ரெண்டு நாள் வேலை.

அடுத்தது வழி. பக்கவாட்டில் மூன்றடிச் சந்து இருந்ததால் பிழைத்தார்கள். சந்துக் கடைசியில் ஜன்னல் இருந்த இடத்தை உடைத்து வாசல் வைத்தாயிற்று. தெருவிலிருந்து யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் பின்பக்கம் போகலாம். சந்தே இல்லாத வீடுகளில் இங்கேதான் வேலை நின்றுவிடுகிறது. முன் ஹால் வழியாகத்தான் பின்பக்கம் போக முடியும் என்றால், தனி போர்ஷன் என்று யாரையும் நம்ப வைப்பது கஷ்டம்.

கதவு எண்ணையும் மறக்கக் கூடாது. மாநகராட்சியில் உபஎண் வாங்கிவிட்டால், அதாவது 14-ம் நம்பர் வீட்டின் பின்பக்கம் 14/1 என்று ஆகிவிட்டால், இ.பி. மனுவில் பாதிக் கேள்வி குறையும். வாடகைக்கு விட்ட பகுதிக்குச் சொத்து வரி கூடலாம் என்ற பயத்தில் பல ஓனர்கள் இந்தப் பக்கமே போவதில்லை. அந்தப் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.

நியூட்ரல் கலந்தால் தகராறு

மீட்டர் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பழைய வீட்டில் ஒயரிங் ஒன்றாகத்தான் ஓடியிருக்கும். பின்பக்கத்து பேஸ் ஒயரைப் புது மீட்டருக்கு மாற்றிவிட்டு, நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிற எலக்ட்ரீசியன்கள் உண்டு. விளக்கு எரியும், பேன் ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் ஷாக் அடிக்காமல் காக்கிற ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும். ஒரு வழியில் போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் அது விழத்தான் செய்யும். அதன் மேல் பழியைப் போட்டு, கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுகிற வேலை.

ஒயர் கலந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் போர்ஷன் மெயினை ஆப் செய்யுங்கள். ஒரு லைட், ஒரு பிளக் பாயிண்டில்கூட கரண்ட் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அது பக்கத்து மீட்டரில் ஓடுகிறது. அடுத்து, மெயினை ஆன் செய்து, வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தால் யாரோ உங்கள் கணக்கில் எரிக்கிறார்கள். பெரம்பூர் வீட்டில் இப்படிச் சோதித்தபோது சிக்கியது மாடிப்படி லைட்டும் தண்ணி மோட்டாரும். ரெண்டுமே பின்பக்கத்து மீட்டரில் இருந்தன! மோட்டாரை முன்பக்கத்துக்கு மாற்றி, அதற்காக வேன் டிரைவர் மாசம் 150 ரூபாய் தருவது என்று பேசி முடித்தார்கள்.

ரெண்டு வீடு என்றால் ரெண்டு ஒப்பந்தம்

போன வருஷம் பெரியவர் மகன் வீட்டோடு போய்விட்டார். முன்பக்கத்தையும் வாடகைக்கு விட்டாயிற்று. வந்தவர், "முழு வீட்டையும் என் பேருக்கே எழுதுங்க, பின்பக்க வாடகையை நான் வசூல் பண்ணித் தரேன்" என்றார். கேட்க வசதியாக இருக்கும். ஆனால் அப்படி எழுதினால் வேன் டிரைவர் உள்வாடகைக்காரர் ஆகிவிடுவார். அவர் கையில் ஓனர் கையெழுத்துப் போட்ட காகிதமே இருக்காது. முன்பக்கத்துக்காரர் பாக்கி வைத்துக் காலி செய்தால் பின்பக்கத்துக் குடும்பமும் சேர்ந்து தெருவுக்கு வரும்.

நல்லவேளை, ரெண்டு ஒப்பந்தமாகவே எழுதினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்பது பழைய பழக்கம். ஒரு வருஷத்துக்குக் குறைவான குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டாம் என்பதால் வந்தது அது. புதுச் சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அட்வான்ஸ் விஷயத்திலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாச அட்வான்ஸ் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கேட்பது சிரமம். தகராறு வந்தால் கரண்டையும் தண்ணியையும் நிறுத்திவைப்பதற்கும் இந்தச் சட்டம் தடை போடுகிறது.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் யாரும் மறக்காமல் எழுதுவார்கள். சண்டை வருவது எழுதாத இடத்தில். சந்தில் யார் வண்டி நிற்கும், மொட்டை மாடியில் யார் துணி காயப்போடுவார், சம்ப் கழுவும் செலவு யாருக்கு? பெரம்பூர் ஒப்பந்தத்தில் சந்து நடக்க மட்டும், வண்டி விடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. முதல் வாரமே முன்பக்கத்துக்காரர் ஸ்கூட்டரை அங்கே விட, அந்த வரியைக் காட்டித்தான் எடுக்க வைத்தார்கள்.

ஓனர்களுக்கு இருக்கிற நியாயமான பயம் இ.பி. பாக்கி. இணைப்பு ஓனர் பேரில்தான் இருக்கும். குடித்தனக்காரர் கட்டாமல் போனால் பாக்கி வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தந்த போர்ஷனின் இ.பி. சர்வீஸ் நம்பரை அந்தந்த ஒப்பந்தத்தில் எழுதி, சாவி கொடுத்த அன்று மீட்டர் ரீடிங் என்ன என்பதையும் குறித்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். காலி செய்கிற நாள் ரெண்டு மாசக் கணக்கின் நடுவில் வந்தால், அன்றைய ரீடிங் வரை ஓடிய யூனிட்டை மட்டும், அடுத்த பில் எந்த ரேட்டில் வருகிறதோ அதே சராசரியில் பிடித்துக்கொள்வது என்றும் எழுதியிருக்கிறார்கள். பழைய 9 ரூபாய்க் கணக்கு திரும்ப வரக் கூடாது என்று அந்த வரியைக் கேட்டு எழுத வைத்தவர் வேன் டிரைவரின் மனைவி.