பாராட்டுக்கு விலையாக நூலைக் கொடுக்காதீர்கள்

கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டவில் இருந்து எழுதும் ஒருவர் தன் முதல் சிறுகதைத் தொகுதியை 300 பிரதிகள் அச்சிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் கைமாறும். நயவுரை சொல்பவர் நூலாசிரியரின் நண்பராகவே இருப்பார். அன்பளிப்புப் பிரதி பெற்றவர்கள் "அருமை" என்பார்கள். கதை எங்கே தொய்கிறது என்று அவருக்குச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். இலவசப் பிரதி கொடுப்பது பிழையில்லை. நல்ல வார்த்தையை எதிர்பார்த்துக் கொடுப்பதுதான் பிழை.

அபிப்பிராயம் பயன்பட வேண்டுமானால் அது அச்சுக்கு முன்னால் வர வேண்டும். கணினியில் பக்கம் அமைத்ததும் இருபது படிகள் நகலெடுத்து, "திருத்தப்படாத முன்படி, விற்பனைக்கல்ல" என்று அட்டையில் போட்டு, ஆறு வாரத் தவணையில் கொடுக்கலாம். அடை மழையில் பால்வெட்டு நடப்பதாக ஒரு கதையில் வந்தால், இறப்பர் தோட்டத்தில் வேலை செய்பவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் நில்லாமல் வழிந்தோடி வீணாகும். அன்று பால்வெட்டு இராது. கொழும்பில் இருந்து நயவுரை எழுதுபவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அச்சுக்கு முன் தெரிந்தால் ஒரு பத்தியை மாற்றிவிடலாம். விழா முடிந்தபின் தெரிந்தால் 300 பிரதியிலும் அந்தப் பிழை நிற்கும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுதியவர் ஆசிரியர் என்றால் அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர் தம் அங்கத்தவர்களுக்கும், தோட்டத்தில் அதிகாரம் உள்ளவர் தொழிலாளர்களுக்கும் கொடுக்கக்கூடாது. உறவினரையும் விட்டுவிட வேண்டும். வாசிக்க விரும்புவோர் நூலகத்திலோ வாசகர் வட்டத்திலோ பெயர் கொடுக்கட்டும். அதிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். படியைக் கொடுப்பவரும் பதிலை வாங்குபவரும் நூலாசிரியராக இருக்கக்கூடாது. கடைத்தெருவில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய ஒருவரிடம் "உங்கள் மூன்றாவது கதை எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆகவே இரண்டு வழிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்கிறோம். நூலாசிரியருக்கு மட்டும் போகும் குறிப்பில் பெயர் வேண்டாம். முத்திரை ஒட்டிய உறையையும் நாமே கொடுத்துவிடலாம். "எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தினீர்கள்? எது நம்பும்படி இல்லை?" என்ற இரண்டு கேள்விகள் போதும். "நூல் எப்படி?" என்று கேட்டால் வாழ்த்துத்தான் வரும். பத்திரிகையிலோ இணையத்திலோ ஊரறிய எழுதும் மதிப்புரை அப்படியல்ல. அதில் எழுதுபவர் பெயர் இருக்க வேண்டும், "நூலை இலவசமாகப் பெற்றேன்" என்ற வரியும் இருக்க வேண்டும். பெயரில்லாப் புகழ் யாருடைய புகழ் என்று காசு கொடுத்து வாங்கும் வாசகருக்கு எப்படித் தெரியும்?

எழுதியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடாது. எழுதினால் பரிசு என்பதும், வெளிவருமுன் காட்டு என்பதும் கூடாது. இருபது பேரில் சிலர் பதிலே அனுப்பமாட்டார்கள், அவர்களைத் துரத்தக்கூடாது. வந்ததையும் வெட்டக்கூடாது. "நடை நன்று, ஆனால் நடுப்பகுதி இழுக்கிறது" என்று ஒருவர் எழுத, பின்னட்டையில் "நடை நன்று" என்று மட்டும் போடுவது பொய். பதில்கள் எல்லாம் ஒரே சொற்களில் புகழ்ந்து, ஒன்றுகூட ஒரு கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லவில்லை என்றால், அவர்கள் வாசிக்கவில்லை அல்லது அஞ்சுகிறார்கள் என்று கொள்ளலாம்.

வெளியுலகம் இதைச் சூடுபட்டுத்தான் கற்றது. மதிப்புரை ஒன்றுக்கு 99 டொலர் என்று அமெரிக்காவில் ஒருவர் விற்றுவந்ததை நியூயோர்க் டைம்ஸ் 2012இல் வெளிப்படுத்தியது. 2016இல் அமேசான், இலவசப் பொருளுக்கு ஈடாக எழுதும் மதிப்புரைகளைத் தடைசெய்தது. நூல்களின் முன்பிரதிக்கு இடம் விட்டது. அதுவும் மதிப்புரையைக் கட்டாயமாக்காமல் கொடுத்தால்தான். சொன்ன மாதிரிப் புகழவோ இகழவோ வேண்டும் என்று காசு கொடுத்து எழுதுவிப்பது 2024 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் சட்டவிரோதம்.

நம் இதழ்களுக்கும் இதில் கடமை உண்டு. "மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்" என்று கேட்பது தமிழ்ச் சஞ்சிகைகளின் நெடுநாள் வழக்கம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மதிப்புரை எழுதியவருக்கும் நூலாசிரியருக்கும் என்ன உறவு என்று எந்தப் பக்கத்திலும் சொல்வதில்லை. மதிப்புரைப் பக்கம் நடத்தும் ஒவ்வோர் ஆசிரியரும், பிரதி எங்கிருந்து வந்தது, எழுதியவர் நூலாசிரியருக்கு யார் என்ற இரண்டையும் மதிப்புரையின் அடியில் ஒரே வரியில் அச்சிட வேண்டும். அடுத்த இதழிலேயே அதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.