மடிப்பில் போன கால்

எங்கள் குடும்ப மலரில் தாத்தாவின் கடிதத்தை அச்சடித்திருக்கிறார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதியவர் அவர். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் ஊருக்கு எழுதியது. அச்சில் ஒரு வரி இப்படி வருகிறது: "பெரியவன் எல்லாத்தையும் கெடுத்தான்." படித்ததும் பெரியவரின் பேரன்கள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்காமல் என்ன செய்யும்?

மூலத்தாளை வாங்கிப் பார்த்தேன். தாள் நாலாக மடிக்கப்பட்டு மலை ஈரத்தில் கிடந்தது. மை பழுப்பாகிவிட்டது. அந்தச் சொல் சரியாக மடிப்பின் மேல் விழுகிறது. கொம்பும் ககரமும் தெரிகின்றன, பிறகு நைந்த இடம், அப்புறம் "டுத்தான்". அந்த நைந்த இடத்தில் ஒரு கால் இருந்திருந்தால் அது "கொடுத்தான்". பெரியவர் எல்லாவற்றையும் கொடுத்தவரா கெடுத்தவரா என்பது ஒரு காலில் நிற்கிறது!

தட்டச்சு செய்தவரைக் கேட்டேன். "அர்த்தம் வரணும்ல தம்பி, அதான் போட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது இந்தப் பதிலில்தான். இரண்டுக்குமே அர்த்தம் வருகிறது. அவர் ஏற்கெனவே நம்பிய குடும்பக் கதைக்கு எது பொருந்தியதோ அதைப் போட்டிருக்கிறார்.

செய்யக்கூடியது நிறைய இருந்தது. இருட்டறையில் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாக, செல்போன் விளக்கைப் பிடித்தால் மை போன இடத்திலும் நிப் அழுத்திய பள்ளம் சில சமயம் நிழலாகத் தெரியும். இங்கே தெரியவில்லை. படமெடுத்து நீலச் சானலை மட்டும் பிரித்துப் பார்த்தேன். பழுப்பு மை அதில் கொஞ்சம் கருத்துத் தெரியும். ககரம் தெளிந்தது, அதற்கடுத்த இடம் தெளியவில்லை.

பிறகு அவர் கையெழுத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். அதே கடிதத்தில் "கொண்டு", "கொஞ்சம்" இருக்கின்றன. அவற்றில் ககரத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே காலுக்கென்று விடும் அகலம் இங்கேயும் இருக்கிறது. எழுதி முடித்த பிறகுதான் தாளை மடித்தார், ஆகவே மடிப்பைத் தாண்டுவதற்காக இடம் விட்டிருக்க முடியாது. ஆனால் மை தொட்டு எழுதும் இடங்களிலும் மனுஷர் இப்படி இடைவெளி விடுகிறார். அதனால் "கொ" என்று சத்தியம் பண்ண மாட்டேன், சாய்வு மட்டும் அந்தப் பக்கம்.

இதை அப்படியே காட்ட வழி இருக்கிறது. கல்வெட்டும் பாப்பிரஸும் படிப்பவர்கள் 1931-இலேயே லைடன் முறையில் ஒத்துக்கொண்டார்கள்: ஐயமான எழுத்தின் கீழே புள்ளி, அழிந்து போனதற்குச் சதுர அடைப்பு. தமிழில் கீழ்ப்புள்ளி தட்டுவது தொல்லை, பார்ப்பவருக்கு மெய்யெழுத்துப் புள்ளி இடம் மாறியது போலவும் இருக்கும். எனவே இப்படிப் போட்டேன்:

பெரியவன் எல்லாத்தையும் [கொடுத்தான்? / கெடுத்தான்?]

அடியில் ஒரு வரி: "மடிப்பில் கால் இருந்த இடம் நைந்துள்ளது, இடைவெளி முதல் பாடத்துக்குச் சாதகம்." உ.வே.சா. தம் பதிப்புகளில் பாடபேதம் கொடுத்தவர். கடிதத்துக்கு மட்டும் எதற்கு இந்த அவசரம்?

"வாசிக்கத் தடங்கும்" என்றார்கள். தடங்கட்டும். தாளே அந்த இடத்தில் தடங்குகிறது. மலரின் மறுபதிப்புக்கு இந்த வரியை அனுப்பியிருக்கிறேன். அடைப்புக்குறியை எடுத்துவிட்டுப் போடலாமா என்று நேற்று போன் வந்தது. கூடாது என்றேன்.