‘கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு’ அல்ல

கால்பந்து மேட்சை முதல்முறை பார்க்க உட்காருபவரிடம், பக்கத்தில் இருப்பவர் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறார்: “கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு.” பல வருடங்களாக இதைக் கேட்டு எரிச்சலாகிறது. இதில் ஒரு சொல்கூட முழுதாகச் சரியில்லை.

முதலில் ‘நின்றால்’. நிற்பது குற்றமே இல்லை. அங்கே நின்றவர் பந்தைத் தொட்டால்தான், அல்லது எதிராளியின் ஆட்டத்தில் குறுக்கிட்டால்தான் கொடி உயரும். தம் அணியின் பாதி மைதானத்தில் இருப்பவருக்கு ஆஃப்சைடே கிடையாது. த்ரோ-இன், கார்னர் கிக், கோல் கிக் மூன்றிலும் நேரடியாக வரும் பந்துக்கும் கிடையாது.

அடுத்து, எந்த நேரத்தில் தாண்டியிருக்க வேண்டும் என்பதை அந்த வாக்கியம் சொல்வதே இல்லை. பார்க்க வேண்டியது, சக வீரர் பந்தைத் தொடும் கணம். பந்து வந்து சேரும் கணம் அல்ல. பாஸ் கிளம்பும்போது டிஃபெண்டருக்குச் சமமாக நின்றவர், பிறகு பத்தடி முன்னே ஓடிப்போய்த் தனியாகப் பந்தை வாங்கலாம். அது சரியான ஆட்டம். புதியவரின் கண் பந்தோடு போய்விடுவதால், திரும்பிப் பார்க்கும்போது வீரர் ஏற்கெனவே தாண்டியிருப்பார். “ஏன் கொடி தூக்கவில்லை?” என்ற கூச்சல் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் பெரிய பிழை ‘கடைசி டிஃபெண்டர்’தான். விதி அப்படி ஓர் ஆளைச் சொல்லவே இல்லை. கோல் கோட்டிலிருந்து எண்ணும்போது எதிரணியில் இரண்டாவதாக வருபவர் யாரோ, அவர்தான் அளவு. 1925 வரை மூன்றாவது ஆள், அதன்பின் இரண்டாவது. வழக்கமாக முதல் ஆள் கோல்கீப்பர் என்பதால் இரண்டாவது ஆள் டிஃபெண்டராக அமைகிறார். கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

2022 உலகக்கோப்பையின் முதல் மேட்ச், கத்தார்–ஈக்குவடோர். மூன்றாவது நிமிடத்தில் என்னெர் வலென்சியா தலையால் முட்டிக் கோல் போட்டார். அதற்கு முன்பே சக வீரர் எஸ்ட்ராடா ஆஃப்சைடில் இருந்தார் என்று, வீடியோ பரிசோதனைக்குப் பின் அது ரத்து செய்யப்பட்டது. எஸ்ட்ராடாவைவிடக் கோலுக்கு நெருக்கமாக ஒரு கத்தார் டிஃபெண்டர் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததால், பார்த்த பலர் திகைத்தார்கள். நடந்தது இதுதான்: உயரே வந்த பந்தைக் குத்திவிட கோல்கீப்பர் முன்னால் பாய்ந்திருந்தார். ஈக்குவடோரின் ஃபெலிக்ஸ் டோரஸ் பந்தைத் தலையால் எஸ்ட்ராடாவிடம் தட்டிய கணத்தில், எஸ்ட்ராடாவின் காலைவிடக் கோலுக்கு நெருக்கமாக இருந்தது அந்த ஒரே டிஃபெண்டர். இரண்டாவது ஆளை எஸ்ட்ராடாவின் கால் தாண்டியிருந்தது. ‘கடைசி டிஃபெண்டர்’ கணக்கில் அது நல்ல கோல், விதிப்படி ஆஃப்சைடு.

ஆகவே புதியவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பாஸ் கொடுக்கும் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் தாண்டி, கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணி இரண்டாவது எதிராளியையும் தாண்டி இருந்தவர், பிறகு ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. கைகள் கணக்கில் வராது. சமமாக இருந்தால் ஆஃப்சைடு இல்லை.