‘மென்மையான, மிருதுவான’: ஒரே சொல்லை ரெண்டு தரம் விக்கிறாங்க

இரத்தினபுரியிலயோ கேகாலையிலயோ ஒரு கடைக்குள்ள போய் லோஷன் போத்தல், சவர்க்கார உறை, நைட்டி பெட்டி, துவாய் பொட்டலம் எதை வேணும்னாலும் எடுத்துத் தமிழ் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. நூத்துக்குத் தொண்ணூறு தடவை ‘மென்மையான, மிருதுவான’ என்றுதான் இருக்கும். அதே வரியை இங்கிலிஷ்ல பார்த்தா சாஃப்ட், ஸ்மூத் என்று ரெண்டு தனித்தனி விஷயம். சிங்களத்திலயும் ‘ம்ருது’ ஒரு சொல், ‘சினிந்து’ இன்னொரு சொல். சினிந்து என்றால் தடவும்போது கை தடையில்லாம வழுக்கிப் போறது. நாங்க சிங்களமும் பேசி வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள், அந்த வித்தியாசம் எங்களுக்கு நல்லாத் தெரியும். தமிழுக்கு வரும்போது மட்டும் ‘மென்மை’யும் அதோட வடமொழிச் சோடியான ‘மிருது’வும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே பொருள். சினிந்து காணாமப் போச்சு.

இது மொழிபெயர்ப்பாளரோட சோம்பல், இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை என்று கேட்கலாம். யாரு அந்தத் தமிழ் பக்கத்தை வாசிக்கிறாங்க என்று யோசிச்சுப் பாருங்க. இங்கிலிஷ் தெரிஞ்சவங்க இங்கிலிஷ் பக்கத்தை வாசிப்பாங்க. தமிழை மட்டும் நம்பி வாசிக்கிறது எங்க அம்மாமார், கொழுந்து எடுக்கிறவங்க, ரப்பர் பால் வெட்டுறவங்க. நாள் சம்பளத்துல ஒரு பங்கைக் கொடுத்து ஒரு போத்தல் வாங்குறவங்களுக்குத்தான் எந்தத் தகவலும் இல்லாத வரியை எழுதி வச்சிருக்காங்க.

ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் அழகுக்குச் சொல்றது இல்ல. ஒரு பொருளை அமுக்கினா, மடிச்சா எவ்வளவு எளிதா விட்டுக்கொடுக்குது என்பது மென்மை. அதோட மேற்பரப்பைத் தடவினா எவ்வளவு குறைவா உராயுது என்பது வழுவழுப்பு. ஒண்ணு இருந்தா மற்றது இருக்கணும் என்று இல்ல. மயிர் எழுப்பின ஃபிளானல் துணி மென்மை, ஆனா வழுவழுப்பு இல்ல. பொலியஸ்டர் சாட்டின் நல்லா வழுக்கும், ஆனா உடம்புல வேர்வையை உறிஞ்சாது. வருசத்துல பாதி நாள் மழையும் புழுக்கமுமா கிடக்குற எங்க ஊர்ல இந்த ரெண்டு நைட்டிக்கும் ஒரே விவரணம் போட்டா, வாங்குறவங்க ராத்திரி முழுக்க அதுக்கு விலை கொடுக்கணும்.

இந்தச் சொற்களை ஒரு நாடு எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிச்சு என்று சொல்றோம். 1972ல ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுவேஓ கவபாத்தா ஒரு குழுவை அமைச்சாரு. துணி ஆலைகள்ல வருசக்கணக்கா துணியைத் தடவித் தரம் சொன்ன அனுபவசாலிகளைக் கூட்டி, அவங்க வாயில வழங்கின சொற்களையே எடுத்தாங்க. வளைக்கும்போது எதிர்த்து நிக்கிற விறைப்புக்கு ‘கோஷி’. காஷ்மீர் கம்பளியைத் தடவும்போது வர்ற அந்த நழுவலுக்கு ‘நுமெரி’. உப்பலும் அமுங்கலும் சேர்ந்ததுக்கு ‘ஃபுகுராமி’. மொடமொடப்புக்கு ‘ஷாரி’. ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வச்சாங்க. அப்புறம் அதே துணிகளை இழுத்து, சரிச்சு, வளைச்சு, அமுக்கி, மேற்பரப்பை உராய்ஞ்சு கருவிகள்ல அளந்து, எந்த அளவு எந்தச் சொல்லோட ஒத்துப்போகுது என்று கண்டுபிடிச்சாங்க. அந்த முறை இன்னைக்கும் துணி ஆய்வுகூடங்கள்ல புழங்குது. அங்க தொழிலாளியோட சொல் முதல்ல வந்துச்சு, மிஷின் அதுக்குப் பின்னால வந்துச்சு.

எங்ககிட்ட சொல் இல்லையா என்ன? கஞ்சி போட்ட வேட்டி மொடமொட. மெத்தை மெத்துமெத்து. பஞ்சு, பூனைக்குட்டி புசுபுசு. ஷேவ் எடுத்த கன்னம் மழமழ. பழைய சீலை நைஞ்சு துவண்டு விழும். இடியப்ப மாவு நைஸா இருக்கணும் என்று சொல்ற எல்லாருக்கும் நைஸ் என்பது நல்ல சுவைக்கு இல்ல, பொடியோட வழுவழுப்புக்கு என்று தெரியும். விளம்பரக்காரங்க ‘வழுவழு’ன்னா அட்டை மாதிரி, பாசி பிடிச்ச கல்லு மாதிரி ஞாபகம் வருமாம், அதான் தவிர்க்கிறாங்களாம். சரி, அட்டைக் கடியை நாங்களும் தெரிஞ்சவங்கதான், அதை ஏத்துக்கிறோம். அப்போ ‘மழமழ’வை எடுங்க, ‘நைஸ்’ எடுங்க, ‘தடவினா கை நழுவும்’ என்று ஒரு வசனமா எழுதுங்க. ‘வழு’ என்று தனியா வெட்டினா இலக்கணப் பிழைன்னு அர்த்தம் வந்துரும், அது வேற கதை.

தோல் விஷயத்துல இந்தக் குழப்பம் இன்னும் மோசம். வெடிச்ச குதிகாலுக்கும் காய்ச்சுப்போன உள்ளங்கைக்கும் ‘மென்மையான’ லோஷன் வாங்குறாங்க. போத்தலுக்குப் பின்னால பொடி எழுத்துல உள்ள பட்டியலைப் பாருங்க, பொதுவா அதிகமா கலந்தது முதல்ல வரும். டைமெத்திகோன் முன்னாலயே இருந்தா அது ஒரு சிலிக்கோன். தோலோட மேடுபள்ளத்துல பரவி உடனே நழுவலைக் கொடுக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவக் கழுவப் போயிரும். கிளிசரின் வேற மாதிரி. அது தோலோட மேல் அடுக்குல தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அந்த அடுக்கு ஈரமானா வளைஞ்சு கொடுக்கும். அதுதான் உண்மையான மென்மை. குதிகால்ல தடிச்சுப்போன தோலுக்கு இது ரெண்டும் பத்தாது. யூரியா கலந்த களிம்பு வேணும். 10 வீதம் அளவுல அது பெரும்பாலும் ஈரம் பிடிக்கும், 20 வீதத்துக்கு மேல போனா தடிச்ச தோலையே தளர்த்தி உரிக்கும். திறந்த வெடிப்புல போட்டா எரியும், அதையும் உறையில எழுதணும். வாங்கின லோஷன் எந்த வகை என்று வீட்லயே கண்டுபிடிக்கலாம். ராத்திரி பூசி, காலையில சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் கழிச்சு விரலால அமுக்கிப் பாருங்க. தடவினா மட்டும் நைஸா இருந்து அமுக்கினா பழைய மாதிரி கட்டியாவே இருந்தா, நீங்க வாங்கினது நழுவலை மட்டும்தான்.

துவாய்ல நேர்மாறான மோசடி நடக்குது. கடையில தொட்டவுடனே கை வழுக்குற புதுத் துவாய் பெரும்பாலும் சிலிக்கோனோ சாஃப்ட்னரோ பூசினது. நூல்மேல எண்ணெய்த் தன்மையான படலம் உட்கார்ந்தா நூலும் நூலும் உராயாது, அதனால சுகமா இருக்கும். அதே படலம் தண்ணியைத் தள்ளும். வாங்கின உடனே ஒரு சொட்டுத் தண்ணியை விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா அந்தத் துவாய் குளிச்ச குழந்தையைத் துடைக்காது, தண்ணியை இழுத்துட்டுத்தான் போகும். ரெண்டு மூணு தடவை வெந்நீர்ல, சாஃப்ட்னர் போடாம துவைச்சா படலம் குறையும், கொஞ்சம் சொரசொரக்கும், அப்பதான் வேலை செய்யும். வாரா வாரம் சாஃப்ட்னர் ஊத்துறவங்க அந்தப் படலத்தைத் திரும்பத் திரும்ப ஏத்துறாங்க.

ஒரு துவாய்க்கு நாங்களே எழுதிப் பார்த்தோம். ‘100 வீதம் பருத்தி. தொட்டா புசுபுசு, வழுவழுப்பு இல்ல. மூணு தடவை துவைச்ச பிறகு தண்ணியை நல்லா இழுக்கும். வெயில்ல காஞ்சா மொடமொடக்கும், உதறி மடிச்சா சரியாகும். சாஃப்ட்னர் போட வேணாம்.’ பொட்டலத்துல இடம் தாராளமா இருக்கு, ‘மென்மையான, மிருதுவான’ என்பதை எடுத்துட்டாப் போதும்.