தலைக்குள் கட்டி என்றதும் கத்தியைத் தேட வேண்டியதில்லை

மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், செம்பனை மட்டை தலையில் விழுந்தவர், வேலைக்காட்டில் மயங்கிக் கிடந்தவர் என்று யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும், இப்போதெல்லாம் தலையை ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அது உடனே தெரிந்துவிடும். ஆனால் ரத்தத்தைத் தேடப் போன இடத்தில், யாருமே தேடாத வேறொன்று சிலருக்குத் தென்பட்டுவிடுகிறது. "அடி பலமில்லை. ஆனால் மூளை ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது" என்கிறார் டாக்டர். கட்டி என்ற அந்த ஒரு சொல்லோடு குடும்பமே இடிந்துபோய் வீடு திரும்புகிறது.

இப்படித் தற்செயலாக அகப்படும் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுவது மெனின்ஜியோமா என்பதாகும். 1922ஆம் ஆண்டில் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது. மூளையைச் சுற்றி மூன்று அடுக்கு உறை இருக்கிறது. அந்த உறையிலுள்ள செல்களிலிருந்து இந்தக் கட்டி வளருகிறது. ஆகவே மண்டைக்குள் இருந்தாலும் இது மூளையிலேயே முளைத்த கட்டியல்ல. வீட்டுக்குள் முளைத்த மரத்துக்கும் வேலியோரம் முளைத்த மரத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். வேலியோர மரமும் பெருத்தால் சுவரை நெருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் வகையைச் சேர்ந்தவை அல்ல. மெதுவாக வளரும், அல்லது வளராமலேயே கிடக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் அதிகமாக வருகிறது.

எவ்வளவு பேருக்கு இது இருக்கும்? ஹாலந்து நாட்டில் ரோட்டர்டாம் நகரில், ஒரு நோயும் சொல்லாத 2000 பேரின் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 63. அவர்களில் 18 பேருக்கு மெனின்ஜியோமா இருந்தது. அதாவது, ஸ்கேன் எடுக்காதிருந்தால் அந்த 18 பேரும் தங்கள் தலைக்குள் ஒன்று இருப்பதே தெரியாமல் காய்கறி வாங்கிக்கொண்டும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டும் இருந்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் விஷயத்தைச் சொல்கிறேன். 62 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போகையில் சறுக்கி விழுந்து நெற்றியில் ஐந்து தையல். ஜி.எச்.சில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. ஆனால் இடது பக்கம், முன் மண்டையின் மேல் ஓட்டை ஒட்டி, 14 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி. ஏறக்குறைய ஒரு கொண்டைக்கடலை அளவு. கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தது. சுற்றியுள்ள மூளையில் வீக்கமில்லை. நரம்பு அறுவை டாக்டர் பார்த்துவிட்டு, "ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுப்போம்" என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்.

மகனுக்குக் கோபம். "என்னங்க டிரஸர், தலையில கட்டிய வச்சிக்கிட்டு ஆறு மாசம் சும்மா இருன்னா எப்படிங்க? கவர்மெண்டு ஆஸ்பத்திரின்னா இப்படித்தானா? பிரைவேட்ல கொண்டுபோய் வெட்டி எடுத்துப்புட்டா நிம்மதிதானே?" என்று கேட்டார். தங்க நகைகளை விற்கவும் தயாராக இருந்தார்கள். மருமகளோ, டாக்டர் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கவனித்துப் பார்ப்போம்" என்பது கைவிடுவது அல்ல. பணமில்லாதவர்களுக்குச் சொல்லும் சாக்கும் அல்ல. அது கணக்குப் போட்டு எடுக்கும் ஒரு முடிவு. 2021இல் ஐரோப்பிய நரம்புப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும், தொந்தரவு கொடுக்காத இத்தகைய கட்டியை முதலில் கவனித்து வரும்படியே சொல்கிறது.

கணக்கு என்ன? மண்டை ஓட்டைத் திறந்து செய்யும் ஆபரேஷன் எவ்வளவு கைதேர்ந்த டாக்டர் செய்தாலும் சிறிய காரியமல்ல. ரத்தம் கசியலாம், புண்ணில் கிருமி சேரலாம், காலில் ரத்தம் உறையலாம். இடத்தைப் பொறுத்து கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ ஏற்படலாம். அதுவரை ஒரு நாளும் வலிப்பு வராதவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு வருவதும் உண்டு. நோயால் துன்பப்படுகிறவருக்கு இந்த ஆபத்தையெல்லாம் ஏற்றுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவருக்குக் கிடைக்கும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தொந்தரவும் இல்லாத அந்த அம்மாவுக்கு என்ன பலன்? இன்றைக்கு இருப்பதைவிட நன்றாக அவரை ஆக்க முடியாது. கெடுக்கத்தான் முடியும்.

மறுபக்கத் தட்டில் காத்திருப்பதன் ஆபத்தை வைக்க வேண்டும். தற்செயலாகக் கண்ட மெனின்ஜியோமாக்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2019இல் ஒரு கட்டுரை வந்தது. கவனிப்பில் வைக்கப்பட்டவர்களில், சுமார் நான்கு ஆண்டுக் காலத்தில், 100க்கு 8 பேருக்குத்தான் நோய்க்குறி தோன்றியது. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குப் பின்னால் ஏதோ ஒரு சிகிச்சை செய்யப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்கேனில் வளர்ச்சி தெரிந்தால், நோய்க்குறி வருமுன்பே சிகிச்சைக்கு முடிவெடுப்பதும் உண்டு. கவனிப்பதன் பயனே அதுதான். சிறிய கட்டி வளர்ந்தால் ஆபரேஷனோ குறிவைத்த கதிர்வீச்சோ அப்போதும் செய்துகொள்ளலாம், வாய்ப்பு ஓடிப் போய்விடாது.

அந்த அம்மாவின் ஸ்கேனில் இருந்த விவரங்களும் காத்திருப்பதற்குச் சாதகமாகவே இருந்தன. சுண்ணாம்பு படிந்த கட்டி பெரும்பாலும் வளர்ந்து ஓய்ந்த கட்டி. சுற்றிலும் வீக்கமில்லாததும், சிறிய அளவும், வயதும் அதே பக்கம் பேசின. இதே செய்தி 35 வயதுக்காரர் ஒருவருக்கு வந்திருந்தால் டாக்டர் வேறு விதமாகவும் யோசிப்பார், ஏனென்றால் அந்தக் கட்டி வளர்வதற்கு இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து சுற்றிலும் வீக்கம் கண்டிருந்தாலும், கண் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாலும் காத்திருப்பது சரியாகாது. கண் நரம்புப் பக்கம் சிறிய கட்டியே பார்வையைத் தின்றுவிடும். ஆகவே அடுத்த லயத்து ஆள் சும்மா விட்டுவிட்டார் என்பதைப் பார்த்து நாமும் விடுவதோ, அவர் வெட்டிக்கொண்டார் என்று நாமும் வெட்டிக்கொள்வதோ அர்த்தமில்லாதது.

முதல் மறுபரிசோதனை ஆறு மாதத்தில் என்பதற்கும் காரணம் உண்டு. படத்தை மட்டும் பார்த்து மெனின்ஜியோமா என்று சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் மார்பகப் புற்று போன்றவை மூளை உறையில் பரவினாலும் சில சமயம் இதே தோற்றத்தில் நிற்கும். அப்படிப்பட்டது சில மாதங்களுக்குள்ளேயே வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் அதை ஸ்கேன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய கதைதானே என்று விழுங்கிவிடக் கூடாது. ஆறு மாதத்தில் மாற்றமில்லையென்றால் பிறகு வருடத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. ஐந்து வருடம் அப்படியே இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் ஊசி மருந்து போட்டுத்தான் எடுப்பார்கள், ஆகையால் கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ஆறாம் மாதம் 14 மில்லிமீட்டர். அடுத்த வருடம் 15. மறுபடியும் வீட்டில் கலவரம். "வளர்ந்துடுச்சுங்களே ஐயா, இப்பவாவது எடுத்துடலாமா?" என்று அந்த அம்மாவே கேட்டார். ஒரு மில்லிமீட்டர் என்பது, படத்தில் எந்த இடத்தில் கோலை வைத்து அளந்தார்கள் என்பதிலேயே வந்துவிடும் வித்தியாசம். அதற்கடுத்த வருடம் திரும்பவும் 14 என்று வந்தது. கட்டி சுருங்கவில்லை, அளவுதான் முன்பின்னாக வந்திருக்கிறது.

இதில் எதிர்ப்பக்க ஆபத்து ஒன்றும் இருக்கிறது. வருடம் ஒரு மில்லிமீட்டர் உண்மையிலேயே வளர்கிற கட்டியைப் போன வருடப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால், ஒவ்வொரு வருடமும் "மாற்றமில்லை" என்றே எழுதிக்கொண்டு போவார்கள். ஆறு வருடத்தில் ஆறு மில்லிமீட்டர் கூடியிருக்கும். ஆகவே புதிய படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் வேலை தேடிப் போகிற நம்மவர்களிடம் இந்த முதல் படந்தான் தொலைந்து போகிறது. இந்தக் கட்டி விஷயத்தில் எனக்குள்ள பெரிய கவலை ஆபரேஷன் செய்யாமல் விடுவதைப் பற்றியல்ல. "டாக்டர் ஒண்ணும் பண்ண வேண்டாம்னுட்டாரு" என்று சொல்லி, கவனிப்பையே விட்டுவிடுவதைப் பற்றித்தான். இரண்டு வருடம் நன்றாக இருந்தால், ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று மூன்றாவது வருடம் தேதியைத் தள்ளிவிடுகிறார்கள். டாக்டர்களும் "ஃபாலோ அப்" என்று ஒரு வார்த்தை எழுதுவதோடு நிறுத்தாமல், எதற்காக, எத்தனை வருடத்துக்கு என்று இரண்டு நிமிடம் விளக்கினால் பாதிப் பேராவது தவறாமல் போவார்கள்.

நடுவில் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. முதன்முறையாக வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனாலோ, பேச்சு தடுமாறினாலோ, ஒரு கண் மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். காலையில் தலைவலியோடு வாந்தி நாளுக்கு நாள் கூடினாலும் அப்படியே. குணம் மாறுவதையும் வீட்டார் கவனிக்க வேண்டும். முன் மூளையை அழுத்தும் கட்டி வலியே இல்லாமல் மனிதரை மந்தமாக்கும், வயதாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுவோம். ஆனால் சாதாரணத் தலைவலி ஒவ்வொன்றுக்கும் கட்டியின் மேல் பழி போட வேண்டாம். அந்த அம்மா பல வருடமாகச் சொன்ன தலைவலிக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், 170க்கு மேல் இருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு பெருமளவு குறைந்துவிட்டது.

பெண்களுக்கு ஒரு தனிச் செய்தி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, அதாவது டெப்போ ஊசி, நம் தோட்டங்களில் பலர் போட்டுக்கொண்டதுதான். பிரான்ஸ் நாட்டில் நடந்து 2024இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, அந்த மருந்தை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களிடம் ஆபரேஷன் வரைக்கும் போகும் மெனின்ஜியோமா ஐந்து மடங்குக்கு மேல் காணப்பட்டதாகச் சொல்கிறது. இதைக் கேட்டு யாரும் பயந்து ஓட வேண்டாம். மிக அரிதான ஒன்று ஐந்து மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். ஆனால் ஏற்கெனவே மெனின்ஜியோமா இருப்பதாகத் தெரிந்தவர் அந்த ஊசியைத் தொடரக் கூடாது. கிளினிக் மிஸ்ஸியிடம் சொல்லி வேறு முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரியில் படத்தை சி.டி. தட்டில் பதிவு செய்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் எடுத்த தேதியையும் கட்டியின் அளவையும் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்த தேதியைத் தோட்டத்து மருந்தகத்தில் சொன்னால் நாங்களும் குறித்து வைத்து ஒரு வாரம் முன்னால் நினைவூட்டுவோம். அந்த அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் வருகிற தைப்பூசத்துக்கு மறுவாரம்.