169.254 என்று தொடங்கும் முகவரி



மடிக்கணினியில் வைஃபை அடையாளம் தெரிகிறது. ஆயினும் எந்தப் பக்கமும் திறக்க மறுக்கிறது. இத்தகைய வேளையில் இணைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் cmd என்று தட்டிக் கறுப்புத் திரையைத் திறந்து, அதில் ipconfig என்று எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். வைஃபை பகுதியின் கீழ் இவ்வாறு தோன்றக்கூடும்:

```
Autoconfiguration IPv4 Address: 169.254.37.112
Subnet Mask: 255.255.0.0
Default Gateway:
```

இந்த 169.254 ரவுட்டர் அளித்த முகவரி அன்று. கணினி தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. இதன் பொருளை அறிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

கணினி ஒரு வலையமைப்பில் சேர்ந்தவுடன், "எனக்கு முகவரி தருவோர் உண்டா?" என்று அனைவருக்கும் கேட்கும்படி அழைக்கிறது. ரவுட்டர் தன் கையிருப்பிலிருந்து ஒரு முகவரியை முன்வைக்கிறது. கணினி அதை வேண்டிக்கொள்ள, ரவுட்டர் உறுதி செய்கிறது. அந்த முகவரி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரியது. வாடகை வீடு போன்றது. இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

அழைத்தும் பதில் வராவிட்டால் கணினி 169.254.1.0 முதல் 169.254.254.255 வரையுள்ள எண்களில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறது. அதை வேறு எவரேனும் வைத்திருக்கின்றனரா என்று விசாரித்த பின்னரே சூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் 98 காலம் முதலே இருந்துவரும் இவ்வழக்கம் 2005ஆம் ஆண்டில் இணையத் தரநிலையாகவும் வகுக்கப்பட்டது. ரவுட்டரே இல்லாமல் இரண்டு கணினிகளை ஒரு கம்பியால் இணைத்துக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள இது உதவும். ஆனால் இம்முகவரியிலிருந்து புறப்படும் தகவலை எந்த ரவுட்டரும் வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி. வெளியே செல்லும் வாசலைக் குறிக்கும் Default Gateway வரி வெறுமையாய் இருப்பதையும் கவனியுங்கள்.

ஆகவே இவ்வெண் சொல்லும் செய்தி ஒன்றுதான்: "நான் கேட்டேன், பதில் என்னை வந்தடையவில்லை." பழுது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலேயே இருக்கிறது. மாறாக, 192.168 என்று தொடங்கும் முகவரியும் வாசலும் ஒழுங்காய்த் தெரிந்து இணையம் மட்டும் வராவிட்டால், பழுது பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால் உள்ளது. அப்போதுதான் நிறுவனத்தை அழைப்பது பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு நிக்காஹ் வீடு. அங்குள்ள ரவுட்டர் 192.168.1.100 முதல் 192.168.1.119 வரை இருபது முகவரிகளை மட்டுமே வழங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. தவணை 24 மணி நேரம். விருந்தினரின் கைப்பேசிகள் ஒவ்வொன்றாய் இணைந்து மீதமிருந்த அனைத்தையும் எடுத்துக்கொண்டன. இரண்டு நாள் மூடிக்கிடந்த மடிக்கணினியின் பழைய தவணை முடிந்து, அதன் முகவரியும் வேறொருவரிடம் போய்விட்டது. இரவில் விருந்தினர் சென்றுவிட்டனர். ஆனால் தவணை முடியாததால் முகவரிகள் அவர்கள் பெயரிலேயே நிற்கின்றன. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் 169.254 தான் கிடைக்கிறது.

வீட்டாரின் கைப்பேசிகளோ நன்றாக இயங்குகின்றன. எனவே மடிக்கணினி கெட்டுவிட்டது என்று எண்ணத் தோன்றும். இது ஏமாற்றும் அடையாளம். அவை முன்பே பெற்ற முகவரியில் ஓடுகின்றன. இயங்கும் கைப்பேசி ஒன்றின் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி (பல வீடுகளில் 192.168.1.1) அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். DHCP பகுதியில் முகவரி பெற்றோர் பட்டியல் இருக்கும். இருபதும் நிரம்பியிருந்தால் காரணம் தெளிவு. கடைசி எண்ணை 119லிருந்து 200 ஆக உயர்த்திச் சேமித்தால் 101 முகவரிகள் கிடைக்கும். பின்னர் மடிக்கணினியில் இவ்வாறு எழுதுங்கள்:

```
ipconfig /renew
```

192.168.1 என்று தொடங்கும் முகவரி வந்துவிட்டால் வேலை முடிந்தது.

பட்டியலில் இடம் இருந்தும் முகவரி வராவிட்டால், DHCP Server என்பது அணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அதுவும் சரியாயிருந்து, புதிதாய் இணைக்கும் வேறொரு கைப்பேசிக்கு முகவரி கிடைத்தால், குறை மடிக்கணினியில்தான். அதில் DHCP Client என்னும் சேவை நின்றிருக்கலாம். அல்லது பாதுகாப்பு மென்பொருள் பதிலைத் தடுத்திருக்கலாம். கம்பி வழி இணைப்பாயின் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

சிலர் ஏதேனும் ஓர் எண்ணைக் கையால் எழுதிச் சமாளிப்பதுண்டு. அன்று இணையம் வரலாம். ஆனால் அதே எண்ணை ரவுட்டர் நாளை மற்றொரு கருவிக்கு வழங்கினால் இரண்டும் தடுமாறும். 169.254 சுட்டிக்காட்டிய பழுதோ அப்படியே மறைந்து கிடக்கும்.